6.65 மணி நேரம்: ஒரு பாடப்புத்தகக் கணக்கின் மீது என் வழக்கு

ஆவடியில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் மீன் வியாபாரம் ஆரம்பித்தான். பெரிய கடையெல்லாம் இல்லை. விடியற்காலை வானகரம் மீன் மார்க்கெட்டுக்குப் போவான், வஞ்சிரம், சங்கரா, கொடுவா என்று விலை பார்த்து எடுப்பான், வீட்டிலேயே வெட்டிக் கழுவிப் பாக்கெட் போட்டு ஆவடி, பட்டாபிராம் பக்கம் வீடு வீடாகக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை விலை ஏறும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி உறைய வைத்துவிட்டால் லாபம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசரும் வாங்கிவிட்டான்.

அப்புறம் எனக்குப் போன். "மச்சி, நீ ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்லா மார்க் வாங்கினவன்தானே. ரெண்டரை இஞ்ச் தடிமன்ல பாக்கெட் போடுறேன். உறைய எவ்வளவு நேரம் ஆகும்?"

ரெண்டரை இஞ்ச் என்றதும் எனக்குள் மணி அடித்தது. ஹாஸ்டலில் பக்கத்து அறையில் கெமிக்கல் படித்தவன் வைத்திருந்த புத்தகத்தில் அச்சு அசலாக அதே கணக்கு உண்டு. எடுத்துப் பார்த்தேன், விடை 6.65 மணி நேரம். "ஏழு மணி நேரம் வச்சுக்கோ, பாதுகாப்புக்கு டபுளா விடு" என்றேன். அவனும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நாற்பது கிலோவை ஏற்றினான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எடுத்துத் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. விற்றது போக மிச்சத்தை அப்படியே உள்ளே விட்டு செவ்வாய் வரை கொடுத்தான்.

மேலடுக்குப் பாக்கெட் வாங்கியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நடு அடுக்குப் பாக்கெட் வாங்கிய வீடுகளில் இருந்துதான் போன் வந்தது. பிரித்தால் தண்ணீர் தண்ணீராக வடிகிறது, சதை பஞ்சு மாதிரி இருக்கிறது, வாசனை சரியில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி இதெல்லாம் ஒரே குடும்பம். குளிர் போதாமல் சில மணி நேரம் இருந்தால் பாக்டீரியா இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டமின் உண்டாக்கும். அது அப்புறம் உறைய வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. அந்த வீட்டில் நடந்தது அதுதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் என் தூக்கம் போய்விட்டது. டபுளாக விடச் சொன்ன பிறகும் எப்படித் தப்பாகும்?

அந்தக் கேள்வியோடு அந்தக் கணக்கை மறுபடி படித்ததுதான் இந்தப் பதிவு.

புத்தகம் கிறிஸ்டி கியான்கோப்லிஸ் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் ப்ராசஸஸ் அண்ட் யூனிட் ஆபரேஷன்ஸ்'. நம் ஊரில் கெமிக்கல், ஃபுட் டெக்னாலஜி படித்தவர்கள் கையில் இல்லாமல் இருந்திருக்காது. கணக்கு இப்படி. 0.0635 மீட்டர் தடிமன் உள்ள இறைச்சிப் பலகை. மைனஸ் 28.9 டிகிரி காற்று வீசும் உறைவிப்பானில் வைக்கப்படுகிறது. இறைச்சியில் 75 சதவீதம் தண்ணீர், ஏற்கெனவே அதன் உறைநிலையான மைனஸ் 2.8 டிகிரியில் இருக்கிறது. அடர்த்தி 1057, உறைந்த சதையின் வெப்பக் கடத்துத்திறன் k 1.038, பரப்பில் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறன் h 17. எவ்வளவு நேரம்?

ஒரு சின்ன விஷயம். இந்த எண்களை இஞ்ச், பவுண்டு, ஃபாரன்ஹீட்டுக்குத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். 2.5 இஞ்ச், மைனஸ் 20 டிகிரி, 66 பவுண்டு, k 0.60, h சரியாக 3.0. எல்லாம் கைக்கு அடக்கமான முழு எண்கள்! 1.038 என்று மூன்று தசம ஸ்தானம் பார்த்ததும் யாரோ ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள் என்று இருபது வயதில் நம்பினேன். அது 0.6 என்ற தோராயம், அலகு மாறியபோது மேக்கப் போட்டுக்கொண்டது. முக்கியமாக அந்த 17. அது அளந்த எண் இல்லை, '3 என்று வைத்துக்கொள்வோம்' என்பதன் மொழிபெயர்ப்பு.

சூத்திரம் ருடால்ஃப் பிளாங்க் என்ற ஜெர்மன் பொறியாளர் 1913-ல் கொடுத்தது:

```
t = (ρ·L / (Tf − Ta)) × (a/2h + a²/8k)
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் சொல்வது எளிது. முதல் பகுதி, வெளியேற்ற வேண்டிய வெப்பம். L என்பது உள்ளுறை வெப்பம், அதாவது ஒரு கிலோ சதையில் உள்ள தண்ணீர் அதே வெப்பநிலையிலேயே பனிக்கட்டியாக மாறும்போது விடும் வெப்பம். ஒரு கிலோ தண்ணீருக்கு 335 கிலோஜூல், அதில் முக்கால் பங்கு சுமார் 251. அதைக் கீழே உள்ள வெப்பநிலை வித்தியாசம் இழுக்கிறது. அடைப்புக்குள் இருப்பது வழியில் உள்ள தடைகள். வெப்பம் முதலில் உறைந்துபோன சதையைத் தாண்டி மேற்பரப்புக்கு வர வேண்டும், அது a²/8k. பிறகு மேற்பரப்பை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தைத் தாண்டி வெளியேற வேண்டும், அது a/2h. இரண்டு செக்போஸ்ட் மாதிரி.

புத்தகத்தின் எண்களைப் போட்டால் காற்றுப் படலத்தின் பங்கு 0.00187, சதையின் பங்கு 0.00049. கூட்டித் தொகையைக் கண்டால் 23,940 வினாடி, 6.65 மணி. கணக்கில் பிழை இல்லை. விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். நின்று பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். மொத்தத் தடையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் மீனுக்கோ இறைச்சிக்கோ சம்பந்தமே இல்லாத காற்றுப் படலத்தில் இருக்கிறது. விடையின் ஐந்தில் நாலு பங்கைத் தீர்மானிக்கும் எண் ஒன்றே ஒன்று, அந்த h. அதைத்தான் கணக்கு நமக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறது. சதையின் k-யைத் தேடி அட்டவணை அட்டவணையாகப் புரட்டுவோம், அது எப்படி இருந்தாலும் விடை பெரிதாக மாறாது. என் முதல் புகார் இதுதான்: கேட்க வேண்டிய கேள்வியைக் கொடுக்கப்பட்ட விவரமாக மாற்றி வைத்திருக்கிறது.

புத்தகத்துக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். காற்று வீசும் உறைவிப்பான் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. விசிறி வைத்த அறைக்குத்தான் 17. நண்பனின் பெட்டி ஃப்ரீசரில் விசிறி கிடையாது, காற்று தூங்கிக்கொண்டிருக்கும். படித்தும் கவனிக்காதது நான்.

அப்படியென்றால் தூங்கும் காற்றுக்கு h எவ்வளவு? 5 முதல் 10 வரை என்று எல்லாக் கையேடும் சொல்லும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே விடை இரட்டிப்பாகும் என்பதால் அது எனக்குப் போதவில்லை. அளந்துவிடலாம் என்று இறங்கினேன். அம்பத்தூரில் எங்கள் தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையின் ஒரு கிலோ இரும்பு எடைக்கல் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அதன் பள்ளத்தில் ஒரு வெப்பநிலை சென்சாரை எம்-சீல் வைத்து ஒட்டி, நூலில் கட்டி ஃப்ரீசருக்குள் எதிலும் படாமல் தொங்கவிட்டேன். இரும்பு வெப்பத்தை உள்ளே நன்றாகக் கடத்துவதால் கல் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஆகவே அது குளிரும் வேகத்தை நிர்ணயிப்பது வெளியே உள்ள காற்றுப் படலம் மட்டும்தான். கல்லுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரத்தை τ என்று வைத்தால்,

```
h = m·c / (A·τ)
```

கல்லின் எடை 1 கிலோ, இரும்பின் தன்வெப்பம் 460 ஜூல், நூல் சுற்றி அளந்ததில் பரப்பு சுமார் 160 சதுர சென்டிமீட்டர். 30 டிகிரியில் ஆரம்பித்து மைனஸ் 18-ல் தொங்கினால் வித்தியாசம் 48. அதில் 37 சதவீதம் ஏறக்குறைய 18. அதாவது கல் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் நேரம்தான் τ. ரொம்ப வசதியான தற்செயல். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கணக்குப் போட்டால் h = 8. நண்பன் வீட்டுக்கும் கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன், அங்கேயும் கிட்டத்தட்ட அதுவே. (கல்லைப் பார்த்துவிட்டு அவன் மனைவி, "அண்ணா, மீனை எடை போட வந்தீங்களா?" என்றார்.)

இப்போது சரியான h போட்டு, மீனுக்குப் பொருந்தும் எண்களோடு மூன்று தடவை ஓட்டினேன். உறைந்த மீனுக்கு k 1.4, உறைநிலை மைனஸ் 1, ஃப்ரீசர் மைனஸ் 18.

```python
def plank(a, h, k, rho, L, Tf, Ta):
    return rho*L/(Tf-Ta) * (a/(2*h) + a*a/(8*k)) / 3600

plank(0.0635, 17, 1.038, 1057, 251200, -2.8, -28.9)  # 6.65
plank(0.0635, 8, 1.4, 1050, 250000, -1, -18)         # 18.6
plank(0.19,   8, 1.4, 1050, 250000, -1, -18)         # 64.8
```

முதல் வரி புத்தகம். இரண்டாவது வரி நண்பனின் ஒற்றைப் பாக்கெட், நாலு பக்கமும் காற்றோடு: 18.6 மணி. நான் டபுளாக விடச் சொன்ன நேரத்தைவிடவும் அதிகம். மூன்றாவது வரி உண்மையில் நடந்தது. அவன் மூன்று பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் இடைவெளியே விடாமல் அடுக்கியிருந்தான். மீனுக்கு அது மூன்று பாக்கெட் என்று தெரியாது. அதைப் பொறுத்தவரை 19 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரே பலகை. 65 மணி நேரம். சனி மாலை வைத்தது செவ்வாய் காலைதான் உறையும். அதுவும் பாக்கெட்டுகளுக்கு நடுவே சிக்கிய காற்றைக் கணக்கில் சேர்க்காமல். மூன்றே மில்லிமீட்டர் அசையாத காற்று, h = 8 உள்ள ஒரு முழுக் காற்றுப் படலத்துக்குச் சமமான தடை.

அப்படியென்றால் ஞாயிறு காலை கல் மாதிரி இருந்ததே? அது ஓடு. வெளியே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உறைந்தாலே தட்டினால் டங் என்று சத்தம் வரும். கையால் தட்டிப் பார்ப்பது தேங்காய்க்குச் சரி, மீனுக்கு உதவாது. ட்ரில்லால் நடுவரைக்கும் ஒரு துளை போட்டு ஊசி மாதிரியான தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். மைனஸ் 1-லிருந்து மைனஸ் 3 வரை எங்கேயாவது நகராமல் நின்றுகொண்டிருந்தால், நடுவில் இன்னும் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் உடைக்க வேண்டியிருக்கிறது. தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகும் என்று பலர் எழுதுகிறார்கள், சூத்திரத்தில் a² கண்ணில் படுவதால். காசிமேடு பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் அது உண்மை. அங்கே தகரக் கேனில் தண்ணீர் ஊற்றி உப்புக் கரைசலில் இறக்குகிறார்கள். ஓடும் திரவம் என்பதால் h சில நூறுகளில் இருக்கும். 25 சென்டிமீட்டர் தடிமன், h 300 என்று வைத்துப் போட்டுப் பார்த்தால் தடையில் 90 சதவீதம் பனிக்கட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. வர்க்கம் ஆட்சி செய்கிறது. நண்பனின் ஒற்றைப் பாக்கெட்டில் கதை தலைகீழ், 92 சதவீதம் வெளியே. அங்கே தடிமனைப் பாதியாக்கினால் நேரமும் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். ஒரே சூத்திரம், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்வது h மட்டுமே.

ஐஸ் ஃபேக்டரியை இழுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. பிளாங்க் 1913-ல் எழுதிய கட்டுரை மீனைப் பற்றியதே இல்லை, இறைச்சியைப் பற்றியதும் இல்லை. ஐஸ் கட்டி உறையும் நேரத்தைப் பற்றியது! இது தெரிந்ததும் என் கோபம் பாதி தணிந்தது. தண்ணீருக்கு அவர் வைத்த அனுமானங்கள் எல்லாம் பொருந்தும். தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறைகிறது, முழுக்க அங்கேயே உறைகிறது, பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பித்தால் சூத்திரம் கச்சிதம். அதே ஆள் முதல் உலகப்போர்க் காலத்தில் மீனை உறைய வைப்பதைப் பற்றியும் வேலை செய்தார். ஆனால் பாடப்புத்தகங்களுக்குப் பிடித்துப்போனது ஐஸ் சூத்திரம்தான். மீனின் மேல் அதைப் போர்த்திவிட்டார்கள்.

மீனில் உள்ளது தண்ணீர் இல்லை, உப்பும் புரதமும் கரைந்த சாறு. மைனஸ் 1-ல் முதல் பனிப் படிகம் உண்டாகும். தண்ணீர் மட்டும் பிரிந்து பனியாவதால் மிச்சச் சாறு அடர்த்தியாகும், அடர்த்தியானால் உறைநிலை இன்னும் இறங்கும். மைனஸ் 5-க்கு வரும்போது தண்ணீரில் நாலில் மூன்று பங்கு அளவுதான் உறைந்திருக்கும். கொஞ்சம் கடைசிவரைக்கும் உறையவே உறையாது. ஆகவே 'உறைநிலை மைனஸ் 2.8' என்று ஒரே எண்ணைக் கொடுப்பது, படிக்கட்டில் இறங்குகிறவன் ஒரே படியில் நிற்கிறான் என்று சொல்வது மாதிரி.

இதனால் என்ன போச்சு என்றால், உறைநிலை இறங்க இறங்க ஃப்ரீசர் காற்றோடு உள்ள வித்தியாசமும் குறைகிறது. மைனஸ் 40-ல் இயங்கும் தொழிற்சாலைக்கு நாலு டிகிரி பெரிய விஷயமில்லை. மைனஸ் 18 வைத்திருக்கும் நமக்கு மொத்த வித்தியாசமே 17 டிகிரி, அதில் மூன்று போனால் வலிக்கும். கூடவே ஆரம்பமும் முடிவும் விடுபட்டிருக்கின்றன. நண்பன் குழாய்த் தண்ணீரில் கழுவி 20 டிகிரியில் உள்ளே வைத்தான். புத்தகத்து இறைச்சி மைனஸ் 2.8-ல் தயாராக வந்து நிற்கிறது. யார் கொண்டுவந்து விட்டார்கள்? அந்த உறைநிலையிலேயே கணக்கு முடிந்தும்விடுகிறது. நமக்கு நடுப்பகுதி மைனஸ் 15-ஆவது ஆக வேண்டும்.

இதற்கு மருந்து வராமல் இல்லை. கியூ. டி. ஃபாம் என்பவர் 1980களில் கொடுத்த முறை பிளாங்கின் அடைப்புக்குறியை அப்படியே வைத்துக்கொள்கிறது. வெப்பத்தை மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது: ஆரம்ப வெப்பநிலையில் இருந்து ஒரு சராசரி உறைநிலைவரை குளிர்வது ஒன்று, அங்கிருந்து உறைந்து கடைசி வெப்பநிலைக்குப் போவது இன்னொன்று. அந்தச் சராசரி உறைநிலைக்கு அவர் சொன்ன எளிய வாய்பாடு:

```
Tfm = 1.8 + 0.263·Tc + 0.105·Ta
```

Tc நடுப்பகுதியின் இறுதி வெப்பநிலை, Ta காற்று. மைனஸ் 15-ம் மைனஸ் 18-ம் போட்டால் மைனஸ் 4 வருகிறது. இந்த முறையில் நண்பனின் ஒற்றைப் பாக்கெட்டுக்கு 18.6 அல்ல, கிட்டத்தட்ட 29 மணி நேரம். மூன்றடுக்குக்கு 100 மணி நேரம், நாலு நாளுக்கும் மேல். அதில் குளிர்வதற்கே சுமார் 15 மணி போகிறது. நடு அடுக்கு மீன் அரை நாளுக்கு மேல் ஐஸ் பெட்டியின் குளிர்கூட இல்லாமல் கிடந்திருக்கிறது. அரிப்பு வந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் சரிபார்த்தேன். 25-க்கு 15 சென்டிமீட்டரில், 5 சென்டிமீட்டர் தடிமனாக இரண்டு கிலோ வஞ்சிரம். பிளாங்க் 14.4 மணி என்றார். சென்சார் நடுவில் மைனஸ் 15 காட்டியது 17 மணி நேரம் கழித்து. அட, பரவாயில்லையே, பிளாங்க் தாத்தா மோசமில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. என் பாக்கெட் சின்னது, ஓரங்கள் வழியாகவும் வெப்பம் போயிருக்கிறது. பலகை என்பது முடிவில்லாமல் விரிந்தது என்று சூத்திரம் நினைக்கும், ஓரத்தைக் கணக்கில் எடுக்காது. அது நேரத்தைக் கூட்டிச் சொல்லும் பிழை. ஆரம்ப முடிவுகளை விட்டது குறைத்துச் சொல்லும் பிழை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஃபாம் முறையில் பலகைக்கு 22 மணி, ஓரத்துக்கும் கீழே இருந்த கண்ணாடித் தட்டுக்கும் கழித்தால் 17 சொச்சம். சரியான விடை தப்பான காரணத்துக்காக வருவது மென்பொருளிலும் நடக்கும், அந்த பக்-தான் கண்டுபிடிக்கக் கடினம். நண்பன் பாக்கெட்டுகளை நெருக்கி அடுக்கியதும் அவனுக்கு ஓரத்தின் தயவு போய்விட்டது, ஒரு பிழை மட்டும் மிஞ்சியது.

கடைசியாக ஒரு புகார், இது சின்னது. Ta மாறாது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. நாற்பது கிலோவை 20 டிகிரியில் இருந்து மைனஸ் 15-க்குக் கொண்டுபோகக் கிலோவுக்கு 350 கிலோஜூலுக்கு மேல் எடுக்க வேண்டும், மொத்தம் 14 மெகாஜூல். அந்த மாதிரி பெட்டி 150 வாட் அளவில் வெப்பத்தை இழுக்கும் என்று வைத்தால், வேறெந்தத் தடையும் இல்லாவிட்டாலும் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். அதுவரை உள்ளே மைனஸ் 18 இருக்காது. ஃப்ரீசர் விவரத்தாளில் கொள்ளளவு லிட்டர் பெரிய எழுத்தில் இருக்கும், 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறைய வைக்கும் என்பது எங்காவது மூலையில் சின்னதாக இருக்கும். பார்க்க வேண்டியது அந்த மூலையை. சேமிக்கும் பெட்டியும் உறைய வைக்கும் இயந்திரமும் வேறு வேறு. இறால் ஏற்றுமதி செய்கிறவர்கள் பாளத்தை மைனஸ் 40 அளவில் குளிர்ந்த இரண்டு உலோகத் தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவதும் காற்றுப் படலத்தையே ஒழித்துக்கட்டத்தான்.

நண்பனிடம் போய் என் தப்பைச் சொன்னேன். திட்டினான், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பெட்டியை மாற்றினோம். தெர்மோஸ்டாட்டை மைனஸ் 24-க்குத் திருகலாமா என்றான். திருகினால் வித்தியாசம் 17-லிருந்து 23 ஆகும், நேரத்தில் கால் பங்கு மிச்சம். அதற்குப் பதில் பழைய கம்ப்யூட்டர் கேபினட்டில் இருந்து ஒரு 12 வோல்ட் விசிறியைக் கழற்றி உள்ளே மாட்டி, எடைக்கல்லை மறுபடி தொங்கவிட்டோம். இந்தத் தடவை பூஜ்ஜியத்தைத் தொட 25 நிமிடம்தான். h 8-லிருந்து 19-க்கு ஏறியது. பாக்கெட்டையும் ஒரு இஞ்சுக்கு, அதாவது 2.5 சென்டிமீட்டருக்கு மெலிசாக்கி, கம்பித் தட்டில் இடைவெளி விட்டு ஒற்றை அடுக்காகப் பரப்பினான். தெர்மோகோல் தட்டை எடுத்தாகிவிட்டது. ஃபாம் முறையில் 4.7 மணி நேரம் வந்தது.

ஆனால் மேலே சொன்ன 150 வாட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் ஒரு தடவைக்கு 12 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை, அதற்கே கம்ப்ரசருக்கு எட்டு மணி நேரம் வேண்டும். வானகரத்தில் இருந்து வந்ததும் கழுவி, ஐஸில் போட்டு ஒரு மணி நேரம் வைத்த பிறகுதான் உள்ளே போகிறது. ஆரம்பக் குளிர்ச்சியை மலிவான ஐஸ் பார்த்துக்கொள்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு ஏற்றினால் ஞாயிறு காலை ஏழுக்கு நடுப்பாக்கெட்டில் துளை போட்டுப் பார்ப்பான். மைனஸ் 15 இல்லையென்றால் அன்றைக்கு ஐஸ் மீன் என்று சொல்லியே கொடுக்கிறான், விலையைக் குறைத்து. துளை போட்ட பாக்கெட் அவன் வீட்டுக் குழம்புக்கு. எடைக்கல்லை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.